எஸ்க்ரோவில் நிற்கும் 480 டாலர்: விட்டுக்கொடுக்கலாமா?

*அக்கா, காரைக்குடியில் வீட்டிலிருந்தபடியே டிசைன் வேலை செய்கிறேன். அப்வொர்க் தளத்தில் ஓர் அமெரிக்க வால்பேப்பர் கிளையன்ட்டுக்கு ஆத்தங்குடி டைல்ஸ் டிசைன் 12 வரைந்து கொடுத்தேன். மொத்தம் 480 டாலர், வேலை முடியும்வரை பணத்தைத் தளமே பிடித்துவைக்கும் எஸ்க்ரோவில் இருக்கிறது. மார்ச் 15 அன்று டிரைவ் லிங்க்காகச் சாட்டில் அனுப்பினேன். 22 அன்றுதான் முறைப்படி சப்மிட் செய்தேன். ஏப்ரல் 2 அன்று, நிறம் சரியில்லை, ஒட்டி வைத்தால் வெள்ளைக் கோடு தெரிகிறது, லேயருக்குப் பெயர் இல்லை, நவீனமாக இல்லை, ஒவ்வொன்றுக்கும் மூன்று நிற வகை வேண்டும் என்று திருப்பி அனுப்பினார். நான் பதில் எழுதுவதற்குள் 4-ஆம் தேதி ஒப்பந்தத்தையே முடித்துவிட்டு முழுப் பணத்தையும் ரீஃபண்ட் கேட்டிருக்கிறார். மூலக் கோப்புகள் எல்லாம் அவரிடம் போய்விட்டன. கெட்ட ரிவ்யூ போட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. சரி என்று விட்டுவிடவா? கோப்புகளையும் சாட்டையும் இணைத்திருக்கிறேன்.*

அன்புத் தங்கைக்கு,

விடாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம், ஆனால் ரீஃபண்டை மறுக்கும் வேலையை இன்றே முடித்துவிடுங்கள். கிளையன்ட் ரீஃபண்ட் கேட்ட நாளிலிருந்து ஏழு நாள்தான் உங்களுக்கு அவகாசம். அவர் கேட்டது 4-ஆம் தேதி. 11-ஆம் தேதியோடு முடிகிறது. அதுவரை நீங்கள் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்றால், யாரும் எதையும் விசாரிக்காமல் பணம் தானாக அவரிடம் திரும்பிவிடும். "பதில் நன்றாக எழுதிவிட்டு அனுப்பலாம்" என்று காத்திருந்தே பணத்தை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மறுத்து டிஸ்ப்யூட் எழுப்ப நீளமான விளக்கம் எதுவும் வேண்டாம். "வேலை ஒப்பந்தப்படி தரப்பட்டுள்ளது, விவரம் தொடர்ந்து அனுப்புகிறேன்" என்ற அளவு போதும். 11-ஆம் தேதி இரவு வரை இழுக்காதீர்கள். தளத்தின் கடிகாரம் நம் ஊர் நேரத்தில் ஓடுவதில்லை.

டிஸ்ப்யூட் என்ற சொல்லைக் கேட்டதும் சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். பணம் யார் பக்கமும் போகாமல் அங்கேயே நிற்க வைப்பதுதான் அதன் முதல் பலன். அடுத்து தளத்தின் ஆள் ஒருவர் இடையில் வந்து இரு பக்கமும் கேட்பார். அவர் சொல்வது தீர்ப்பு அல்ல, யோசனை. இருவரும் ஒப்புக்கொண்டால்தான் பணம் நகரும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்களுக்கு மட்டுமல்ல, இதைப் படிக்கும் எல்லோருக்கும். நீங்கள் மார்ச் 15 அன்று லிங்க் அனுப்பியது கிளையன்ட்டைப் பொறுத்தவரை வேலையை ஒப்படைத்தது போலத்தான். தளத்தைப் பொறுத்தவரை அது வெறும் சாட். Submit Work for Payment என்ற பொத்தானை அழுத்தினால்தான் கிளையன்ட்டின் 14 நாள் பரிசீலனைக் காலம் தொடங்கும். அந்த 14 நாளில் அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் பணம் தானாக விடுவிக்கப்படும். 15-ஆம் தேதியே அழுத்தியிருந்தால் 29-ஆம் தேதி அந்தக் காலம் முடிந்திருக்கும். அவருடைய குறைப்பட்டியல் வந்ததோ ஏப்ரல் 2. நீங்கள் 22-ஆம் தேதி அழுத்தியதால் ஏப்ரல் 5 வரை அவருக்கு நேரம் கிடைத்தது, அதற்குள் அவர் திருப்பி அனுப்பிவிட்டார். இதற்காக இப்போது வருந்திப் பயனில்லை. அடுத்த வேலையில் லிங்க்கும் பொத்தானும் ஒரே நேரத்தில் போகட்டும்.

இனி அவர் சொன்ன குறைகளுக்கு வருவோம். இந்த மாதிரி வழக்குகளில் நம் ஆட்கள் எழுதுவது பெரும்பாலும் "ராத்திரி பகலாக உழைத்தேன்" என்ற கடிதம்தான். உழைப்பு உண்மைதான், ஆனால் நடுவில் இருப்பவரால் அதை எடை போட முடியாது. அவர் பார்ப்பது எந்த வேலைக்கு எவ்வளவு பணம் என்று ஒப்பந்தத்தில் குறிக்கும் மைல்ஸ்டோன் விவரத்தில் எழுதியிருப்பதையும், நீங்கள் கொடுத்த கோப்புகளையும்தான். அதனால் ஒவ்வொரு குறையையும் எடுத்து, இது ஒப்பந்தத்தில் உள்ளதா, உள்ளது என்றால் நாம் அதைச் செய்திருக்கிறோமா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

உங்கள் மைல்ஸ்டோன் விவரத்தைப் படித்தேன். பாரம்பரிய ஆத்தங்குடி டைல்ஸை அடிப்படையாகக் கொண்ட 12 டிசைன்கள், இணைப்பு தெரியாமல் தொடர்ந்து ஒட்டக்கூடியவை, ஒவ்வொன்றுக்கும் வெக்டர் கோப்பு ஒன்று, 2400-க்கு 2400 பிக்சலில் பிஎன்ஜி ஒன்று, ஒரு முறை திருத்தம். அவ்வளவுதான். இது நல்ல விவரம். "அழகான டிசைன்கள்" என்று மட்டும் எழுதியிருந்தால் உங்கள் நிலை இப்போது மிகவும் மோசமாக இருந்திருக்கும்.

வெள்ளைக் கோடு பற்றிய புகாரை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் அதில் அவர் பாதி சரி. நீங்கள் அனுப்பிய 12 பிஎன்ஜி கோப்புகளையும் திறந்து, ஒவ்வொன்றையும் நான்கு பிரதியெடுத்து இரண்டுக்கு இரண்டாக ஒட்டிப் பார்த்தேன். பத்து டிசைன்கள் சுத்தமாகச் சேர்கின்றன. நான்கு மூலையிலும் உள்ள கால் பூக்கள் நடுவில் வந்து ஒரே முழுப் பூவாக நிற்கின்றன, முகப்புத் தரையில் பார்ப்பது போலவே. மூன்றாவதிலும் ஒன்பதாவதிலும் மட்டும் நடுவே ஒரு வெளிறிய கோடு ஓடுகிறது. பெரிதாக்கினால் கோடும் சேர்ந்து பெரிதாகிறது. கோப்பின் அளவைப் பாருங்கள்: இரண்டும் 2401-க்கு 2400 பிக்சல்.

காரணம் இதுதான். இல்லஸ்ட்ரேட்டரில் அந்த இரண்டு டிசைன்களின் வரைபரப்பான ஆர்ட்போர்டுகளும் முழு எண்ணில் உட்காராமல் தசமத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஆர்ட்போர்டு டூலைத் தேர்ந்தெடுத்துவிட்டு மேலே X, Y பெட்டிகளைப் பார்த்தால் தெரியும். அப்படி இருக்கும்போது ஏற்றுமதி செய்தால், ஓரத்தில் பாதி பிக்சல் மிஞ்சி, மென்பொருள் அதை ஒரு முழு பிக்சல் வரிசையாக எழுதிவிடும். அந்த வரிசை பாதி நிறம், பாதி வெறுமை. வெள்ளைப் பின்னணியில் வைத்தால் வெள்ளைக் கோடு. X, Y இரண்டையும் முழு எண்ணாக்குங்கள். பின்னணி நிறக் கட்டம் ஆர்ட்போர்டைத் தாண்டிச் சற்று வெளியே நீளட்டும். மறுபடி ஏற்றுமதி செய்யும்போது Use Artboards என்ற கட்டத்தில் டிக் இருக்கட்டும். இரண்டு டிசைனுக்கும் சேர்த்து அரைமணி நேர வேலை.

அவர் "சில டிசைன்கள்" என்று சொல்லியிருக்கிறார், எவை என்று சொல்லவில்லை. மற்ற பத்திலும் அவர் கோடு பார்த்திருக்க வாய்ப்பு உண்டு. வெக்டர் கோப்பை நேரடியாகத் திரையில் ஒட்டிப் பார்த்தால் இணைப்பில் மயிரிழை போல ஒரு கோடு தெரியும். அது கோப்பில் இல்லை. திரை ஓரங்களை மழுப்பிக் காட்டுவதால் வருவது. எவ்வளவு பெரிதாக்கினாலும் அதே மெல்லிய அளவில் நிற்கும், சில அளவுகளில் காணாமலே போய்விடும். உண்மையான இடைவெளி என்றால் பெரிதாக்கப் பெரிதாகும். இந்த வேறுபாட்டை அவருக்கு இரண்டு வாக்கியத்தில் சொல்லி, 100 சதவீதத்தில் ஒட்டிய பிஎன்ஜி படத்தையும் இணையுங்கள். 12 டிசைனுக்கும் 12 படம். நடுவில் இருப்பவருக்கு டிசைன் தெரிய வேண்டிய அவசியமே இல்லை, கண்ணால் பார்த்தால் போதும்.

நிறத்துக்கு வருகிறேன். "படத்தில் இருக்கும் சிவப்பு இல்லை, மங்கலாக இருக்கிறது" என்கிறார். ஒப்பந்தத்தில் எந்த நிற எண்ணும் இல்லை, அவர் பான்டோன் எண் எதுவும் தரவில்லை. அதைவிட முக்கியமானது உங்கள் சாட்டிலேயே இருக்கிறது. மார்ச் 6 அன்று நீங்கள் ஆறு நிறங்களைக் கட்டம் கட்டி அனுப்பி "இவை சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள், அவர் மிகவும் நன்றாக இருக்கிறது, மேலே தொடரலாம் என்று எழுதியிருக்கிறார். அந்தச் சிவப்பும் 12 கோப்புகளில் இருக்கும் சிவப்பும் ஒன்றே. நிற எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டேன். அந்த இரண்டு வரிச் சாட் தேதியோடு படமாகப் போகட்டும். நிறம் பற்றி வேறு வாதமே வேண்டாம்.

ஆனாலும் அவர் ஏன் அப்படி நினைக்கிறார் என்பதைப் புரிந்துகொள்வது பேச உதவும். ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கையால் ஊற்றித்தான் டைல்ஸ் போடுகிறார்கள். அதனால் ஒரே நாளில் போட்ட இரண்டு கல்லிலேயே சிவப்பு சற்று மாறும். எண்ணெய் போட்டுத் துடைத்து வருடக்கணக்கில் நடந்த தரையில் அது இன்னும் கருஞ்சிவப்பாகிவிடும். அவர் கொடுத்த ஐந்து மாதிரிப் படங்களில் இரண்டு வளவில் உச்சி வெயிலில் எடுத்தவை, மற்றவை உள்ளே நிழலில் எடுத்தவை. ஐந்திலும் ஐந்து சிவப்பு. "உங்கள் படங்களில் எந்தச் சிவப்பு வேண்டும் என்று சொன்னால், அந்த ஒரு நிறத்தை மட்டும் 12 கோப்பிலும் மாற்றித் தருகிறேன்" என்று சொல்லலாம். உங்களிடம் ஒரு முறை திருத்தம் பாக்கி இருக்கிறது, அது இதற்குள் அடங்கும். ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும் குளோபல் ஸ்வாட்ச் வைத்து நீங்கள் வரைந்திருப்பதால் மாற்றவும் நேரம் ஆகாது.

லேயருக்குப் பெயரிடுவது ஒப்பந்தத்தில் இல்லை. ஆனாலும் செய்துகொடுத்துவிடுங்கள் என்றே சொல்வேன். ஒரு மாலைப்பொழுது போதும், நடுவரின் கண்ணுக்கு நீங்கள் ஒத்துழைப்பவராகத் தெரிவீர்கள். "இது ஒப்பந்தத்தில் இல்லாதது, மரியாதைக்காகச் செய்கிறேன்" என்று மறக்காமல் ஒரு வரி எழுதுங்கள்.

மூன்று நிற வகை அப்படியல்ல. 12 டிசைன் 36 ஆகிறது. இதற்கு ஒரு சிறு பகுதியைக்கூட இலவசமாகத் தராதீர்கள், "இரண்டுக்கு மட்டும் செய்து தருகிறேன்" என்றும் ஆரம்பிக்காதீர்கள். செய்ய ஆரம்பித்தால் அது ஒப்பந்தத்தில் இருந்ததாகவே ஆகிவிடும். புதிய மைல்ஸ்டோன், புதிய தொகை, அதுவும் எஸ்க்ரோவில் பணம் வந்த பிறகு. பணம் போடாத மைல்ஸ்டோனுக்குச் செய்த வேலைக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. நவீனமாக இல்லை என்ற புகாருக்கு, ஒப்பந்தத்தில் உள்ள "பாரம்பரிய" என்ற சொல்லையே எடுத்துக் காட்டுங்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

இப்போது கடிதம். ஆங்கிலத்தில் எளிமையாக எழுதுங்கள். சாரம் இப்படி இருக்கட்டும்:

"உங்கள் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 3, 9 ஆகிய டிசைன்களில் ஓரத்தில் ஒரு பிக்சல் பிழை இருந்தது. திருத்திய கோப்புகள் இணைப்பில். மற்ற பத்தும் சரியாகச் சேர்வதற்கான படங்களும் உள்ளன. நிறங்கள் மார்ச் 6 அன்று நீங்கள் ஒப்புக்கொண்டவை. சிவப்பை மட்டும் மாற்ற விரும்பினால் பாக்கி உள்ள ஒரு திருத்தத்தில் செய்து தருகிறேன். லேயர்களுக்குப் பெயரிட்ட கோப்பும் இணைத்துள்ளேன். இது ஒப்பந்தத்தில் இல்லாதது. கூடுதல் நிற வகைகள் தனி வேலை. ஒப்பந்தப்படியான 12 டிசைன்களும் உங்களிடம் உள்ளதால் 480 டாலரை விடுவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

அவர் ஒப்பந்தத்தை முடித்துவிட்டதால் சப்மிட் பொத்தான் இனி உங்களுக்கு வராது. திருத்திய கோப்புகளைத் தளத்தின் மெசேஜ் அறையிலேயே இணையுங்கள். வாட்ஸப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பாதீர்கள். தளத்துக்கு வெளியே நடந்ததை நடுவர் பார்க்க மாட்டார். "வெளியே பேபாலில் 300 டாலர் அனுப்புகிறேன், டிஸ்ப்யூட்டை எடுத்துவிடு" என்று யாராவது சொன்னால் ஏற்கவே கூடாது. அது விதிமீறல், உங்கள் கணக்கே போய்விடும்.

திருத்திய கோப்பை முழுதாகக் கொடுப்பதா, பணம் வரும்வரை பிடித்துவைப்பதா என்று கேட்பீர்கள். மூலக் கோப்பு அவரிடம் இல்லாதிருந்தால் சிறிய மாதிரிப் படத்தை மட்டும் காட்டச் சொல்லியிருப்பேன். இங்கே எல்லாமே அவரிடம் இருக்கிறது. இரண்டு பிஎன்ஜியைப் பிடித்துவைத்து என்ன ஆகப்போகிறது? கொடுத்துவிடுங்கள். உங்கள் பக்கம் பாக்கி ஒன்றுமில்லை என்று ஆகட்டும்.

ரிவ்யூ பயத்தைப் பற்றி. பணத்தையும் ரிவ்யூவையும் ஒரே வாக்கியத்தில் பேசாதீர்கள். "நல்ல ரிவ்யூ போட்டால் குறைத்துக்கொள்கிறேன்" என்று நீங்கள் எழுதினாலும் தவறு, "ரீஃபண்ட் தராவிட்டால் மோசமாகப் போடுவேன்" என்று அவர் எழுதினாலும் தவறு. ரிவ்யூவை வைத்து மிரட்டுவதை அப்வொர்க் விதிகள் தடை செய்கின்றன. அவர் அப்படி எழுதினால் பதில் சொல்லாமல் அந்த மெசேஜைப் படமெடுத்து நடுவருக்கு அனுப்புங்கள். இதுவரை உங்கள் சாட்டில் அப்படி எதுவும் இல்லை. நீங்களாக அந்தப் பேச்சைத் தொடங்க வேண்டாம்.

எவ்வளவுக்கு இறங்கலாம் என்பதை அவர் எண் சொல்வதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஒரு டிசைன் 40 டாலர். குறையுள்ளவை இரண்டு, அதாவது 80 டாலர், அவற்றையும் திருத்திவிட்டோம். ஆகவே கேட்பது 480. கடைசியாக இறங்கக்கூடிய இடம் 400. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது, நடுவரிடம் சொல்லலாம். "ஆளுக்குப் பாதி" என்று 240-க்கு வருவார்கள். அதற்கு எந்தக் கணக்கும் கிடையாது. "பத்து டிசைனில் பிழை இல்லை என்று படத்தோடு காட்டியிருக்கிறேன், அதில் எந்த நான்குக்குப் பணம் இல்லை என்கிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

இருவருக்கும் உடன்பாடு ஏற்படாவிட்டால் அடுத்த படி ஆர்பிட்ரேஷன், அதாவது இருவரையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பு. அதற்கு இரு தரப்பும் தனித்தனியே கட்டணம் கட்ட வேண்டும், அது சில நூறு டாலர். உங்களுக்கு அந்தக் கட்டம் வரும்போது தொகை திரையில் காட்டும். 480 டாலருக்காக அதைக் கட்டிப் போராடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இதே கணக்கு அவருக்கும் உண்டு. ஒருவர் கட்டி மற்றவர் கட்டாமல் விட்டால் எஸ்க்ரோ பணம் கட்டியவர் பக்கம் போய்விடும் என்பது விதி. எனவே அந்தக் கட்டணத்தைக் கண்டு இருவரும் தயங்குவார்கள், பெரும்பாலும் அந்த வாசலில்தான் பேச்சு முடியும். 400 கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். 360-க்கு வந்து நின்றாலும் யோசிக்கலாம், அது உங்கள் முடிவு. 240 என்றால் இல்லை என்று சொல்லுங்கள்.

கடைசியாக, கோப்புகள் அவரிடம் போய்விட்டன என்ற உங்கள் கவலை. நீங்கள் தனியாக வேறு ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதால் தளத்தின் பொது ஒப்பந்த விதிகளே உங்களுக்குப் பொருந்தும். அவற்றின்படி முழுப் பணம் உங்களுக்கு வந்த பிறகுதான் வேலையின் உரிமை கிளையன்ட்டுக்கு மாறும். பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு அந்த டிசைன்களை வால்பேப்பரில் அச்சடிக்க அவருக்கு உரிமை இல்லை. இதைக் கடிதத்தில் மிரட்டலாக எழுத வேண்டாம். அவர் ரீஃபண்டில் பிடிவாதமாக நின்றால் நடுவரிடம் ஒரு கேள்வியாக வையுங்கள்: "ரீஃபண்ட் என்றால் கோப்புகளைப் பயன்படுத்த மாட்டேன் என்று அவர் எழுதித் தருவாரா?" வேலை பயன்படாது என்று சொல்லும் ஒருவர் இதற்குத் தயங்கினால் நடுவருக்குப் புரிந்துவிடும். ஓர் எல்லையையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தலைமுறைகளாகக் கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் தரையில் கிடக்கும் பூவும் நட்சத்திரமும் யாருக்கும் தனிச் சொத்து அல்ல. நீங்கள் வரைந்த கோடும் அமைப்பும் மட்டும்தான் உங்களுடையவை. வேறொருவர் அதே தரையைப் பார்த்துப் புதிதாக வரைந்தால் தடுக்க முடியாது. மூல வெக்டர் கோப்பை லேயர்களோடும் தேதியோடும் பத்திரமாக வைத்திருங்கள், அதுதான் உங்கள் சான்று.

நடுவரின் மின்னஞ்சல் சில நேரம் ஸ்பாமில் விழும். தினமும் காலையில் அங்கேயும் பாருங்கள், அதிலும் பதில் தேதி குறித்திருப்பார்கள். வந்ததும் எனக்கு அனுப்புங்கள். நீங்கள் பதில் எழுதியதை அனுப்புவதற்கு முன்பு ஒருமுறை படித்துப் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா